அழுத்த அட்டவணையை முதல்முறை நிரப்புவோருக்கு: ஓர் ஐந்தசைச் சொல்லிலிருந்து தரவரிசை வரை

ஒன்றோடொன்று மோதும் கட்டுப்பாடுகளைத் தரவரிசைப்படுத்தி, அந்த வரிசையில் சிறப்பாக நிற்கும் வடிவமே மொழியில் வெல்கிறது என்று விளக்கும் மொழியியல் கோட்பாடு ஆப்டிமாலிட்டி. அதைப் பற்றிய பாடக் குறிப்புகளில் அட்டவணைகள் எப்போதும் முடிந்த நிலையிலேயே இருக்கும். கட்டுப்பாடுகள் இடமிருந்து வலமாகச் சரியான வரிசையில் நிற்கும், மீறலைக் குறிக்கும் நட்சத்திரங்கள் அந்தந்தக் கட்டத்தில் இருக்கும், வென்ற வடிவத்தை ஒரு கை சுட்டிக்காட்டும். அந்த வரிசை எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் அங்கே இருக்காது. நான் கற்கத் தொடங்கியபோது மிகவும் திணறியது அந்த இடத்தில்தான். வெற்றுத் தாளிலிருந்து தரவரிசை வரை போகும் வழியை ஒரே சொல்லை வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கூடவே எண்ணுங்கள்.

செலவு ஏதும் இல்லை. வேண்டியது ஒரு விரிதாளும் ஒரு சொற்பட்டியலும். இத்துறையின் கட்டுரைகளில் பெரும்பகுதியை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணையை நிரப்புவது சிறிய வேலை. போட்டி வடிவங்களைத் தேடுவதும், கிடைத்த வரிசை மற்ற சொற்களுக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதும்தான் நேரத்தைத் தின்னும். உங்கள் நேரத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

## 1. இரண்டு முதல் ஏழு அசை வரை சொற்களைச் சேருங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனப் பகுதியில் பேசப்படும் பிண்டுபி மொழியை எடுத்துக்கொள்கிறேன். அழுத்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் மொழி இது. ஒலிகளைத் தோராயமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ˈ என்பது முதன்மை அழுத்தம், ˌ என்பது துணை அழுத்தம், புள்ளி அசைப் பிரிப்பு.

- ˈப.ண (மண்)
- ˈத்யு.ட.ய (பல)
- ˈம.ள.ˌவ.ன (பின்புறமிருந்து ஊடாக)
- ˈபு.ளிங்.ˌக.ல.த்யு (குன்றின்மேல் நாங்கள்)
- ˈத்ய.மு.ˌலிம்.ப.ˌத்யுங்.கு (நம் உறவினர்)
- ˈடி.ளி.ˌரி.ஙு.ˌலம்.ப.த்யு (நமக்காகத் தீ மூண்டது)

இங்கே அசை என்பது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டு. யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டியலைப் பார்த்தாலே ஒழுங்கு தெரியும். ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை அசைகளில் அழுத்தம் விழுகிறது. ஆனால் சொல்லின் கடைசி அசையில் அது ஒருபோதும் விழுவதில்லை. மூன்றசைச் சொல்லில் மூன்றாம் அசையும், ஐந்தசைச் சொல்லில் ஐந்தாம் அசையும் அழுத்தமின்றி நிற்கின்றன.

ஒற்றைப்படை நீளமுள்ள சொற்களை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நான்கசைச் சொல்லை இரண்டிரண்டாகப் பிரித்தால் மிச்சம் எதுவும் இல்லை, பிண்டுபி போன்ற மொழிகள் எல்லாம் அங்கே ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். ஐந்தசைச் சொல்லில் ஓர் அசை மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை மொழி என்ன செய்கிறது என்பதில்தான் தரவரிசை வெளிப்படுகிறது.

## 2. அடைப்புக்குறி இடும் முன் சீரின் வகையை முடிவு செய்யுங்கள்

நம் காதில் விழுவது அழுத்தம் மட்டுமே. அழுத்தமுள்ள ஓர் அசையைத் தலையாகக் கொண்ட அசைக்கூட்டமே சீர். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது காதில் விழாது. அசைகளை எண்களாலும் சீர்களை அடைப்புக்குறியாலும் குறிப்போம். ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தம் கேட்டால், அது `(12)(34)5` என்று முதலசையில் அழுத்தம் கொண்ட சீர்களாக இருக்கலாம், `(1)(23)45` என்று கடையசையில் அழுத்தம் கொண்ட சீர்களாகவும் இருக்கலாம்.

இதைத் தீர்க்க ஈரசைச் சொல்லைப் பாருங்கள். ˈப.ண என்பதில் அழுத்தம் முதலசையில். இரண்டு அசையும் ஒரே சீர் என்று கொண்டால், சீரின் தலை அதன் முதலசை. மற்றச் சொற்களுக்கும் இதுவே பொருந்துவதால், கீழே எல்லாச் சீர்களுக்கும் முதலசையில்தான் அழுத்தம் என்று வைத்துக்கொள்கிறேன். எந்தச் சீர் முதன்மை அழுத்தம் பெறுகிறது என்பதை வேறொரு கட்டுப்பாடு தீர்மானிக்கும். பிண்டுபியில் அது இடக்கோடிச் சீர். அதை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை, சேர்த்தால் கணக்கு பெருகுமே தவிர முடிவு மாறாது.

## 3. நான்கு கட்டுப்பாடுகளை எடுத்து, எண்ணும் முறையை எழுதிவையுங்கள்

கட்டுரைகளில் வரும் குறியீட்டுப் பெயர்களையே அட்டவணையில் பயன்படுத்துகிறேன். பேசும்போது தமிழ்ப் பெயர் வசதியாக இருக்கும்.

- ஈரசை `FtBin`: ஒவ்வொரு சீரிலும் சரியாக இரண்டு அசை இருக்க வேண்டும். அப்படி இல்லாத ஒவ்வொரு சீருக்கும் ஒரு மீறல்.
- சேர்ப்பு `Parse`: எந்த அசையும் சீருக்கு வெளியே நிற்கக்கூடாது. வெளியே நிற்கும் ஒவ்வோர் அசைக்கும் ஒரு மீறல்.
- இடவோரம் `AllFtL`: எல்லாச் சீர்களும் சொல்லின் இடது ஓரத்தை ஒட்டியிருக்க வேண்டும்.
- வலவோரம் `AllFtR`: எல்லாச் சீர்களும் வலது ஓரத்தை ஒட்டியிருக்க வேண்டும்.

பிழைகள் அதிகம் நேர்வது கடைசி இரண்டில். இடவோரத்தை எண்ணும்போது ஒவ்வொரு சீரையும் தனித்தனியே எடுங்கள். அந்தச் சீரின் இடது விளிம்புக்கு முன்னால் எத்தனை அசை இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டுங்கள். `(12)(34)5` என்பதில் முதல் சீருக்கு முன்னால் எதுவுமில்லை, 0. இரண்டாம் சீருக்கு முன்னால் இரண்டு அசை, 2. மொத்தம் 2. வலவோரத்துக்குச் சீரின் வலது விளிம்புக்குப் பின்னால் உள்ள அசைகளை எண்ண வேண்டும். முதல் சீருக்குப் பின் 3, இரண்டாம் சீருக்குப் பின் 1, மொத்தம் 4.

அளக்க வேண்டியது சீரின் விளிம்பிலிருந்துதான், அழுத்தம் விழும் அசையிலிருந்து அல்ல. பிண்டுபியில் இடப்பக்கம் இரண்டும் ஒன்றாகவே வருவதால் பிழை வெளியே தெரியாது. கடையசையில் அழுத்தம் விழும் மொழிக்குப் போனவுடன் கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஒரு சீர் ஓரத்தோடு ஒட்டி நின்றால் இடவோரத்துக்கு மீறலே இல்லை. இன்னொரு சீர் சேர்ந்தால் கட்டாயம் மீறல் வரும். ஆகவே இந்தக் கட்டுப்பாடு சீர்களை இடப்பக்கம் இழுப்பதோடு, சீர்களின் எண்ணிக்கையையும் குறைக்கப் பார்க்கிறது. தரவரிசை வாதம் சிக்கலாவது இந்தக் குணத்தால்தான். ஐந்தாம் படியில் அதைப் பார்ப்போம்.

## 4. போட்டி வடிவங்களை ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காகச் சேருங்கள்

உள்ளீடு அழுத்தமும் சீரும் இல்லாத வெறும் அசைத்தொடர். போட்டி வடிவங்கள் அதைச் சீர்களாகப் பிரிக்கும் வெவ்வேறு வழிகள். ஒரு சீரில் இரண்டு அசைக்கு மேல் வராது என்று வைத்துக்கொண்டால், மற்ற எல்லா வழிகளும் கோட்பாட்டின்படி போட்டியில் உண்டு. தாளில் எல்லாவற்றையும் எழுத முடியாது என்பதால், ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் கையில் எடுத்து, அதை வென்ற வடிவத்தைவிட நன்றாக நிறைவேற்றும் வடிவம் எது என்று கேளுங்கள். அந்த வடிவத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

புளிங்கலத்யு என்ற சொல்லின் ஐந்து அசைகளை 1 முதல் 5 வரை எண்களாக எழுதுகிறேன். மொழியில் உண்மையில் வருவது, அதாவது வென்ற வடிவம், `(12)(34)5`. சேர்ப்பை இதைவிட நன்றாக நிறைவேற்றுவது எந்த அசையையும் வெளியே விடாத `(12)(34)(5)`. இடவோரத்தை இதைவிட நன்றாக நிறைவேற்றுவது ஒரே சீருள்ள `(12)345`. வலவோரத்துக்கு `1(23)(45)`. கடைசியாக, தொடக்கத்தில் ஒரு சீரும் இறுதியில் ஒரு சீருமாக நடு அசையை அநாதையாக விடும் `(12)3(45)`. இந்தக் கடைசி வடிவத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். காராவா என்ற இன்னோர் ஆஸ்திரேலிய மொழியில் ஒற்றைப்படைச் சொற்கள் இந்த முறையில்தான் அமைகின்றன, ஆகவே அதை ஒதுக்க உரிமையில்லை.

```
    /12345/       FtBin  Parse  AllFtL  AllFtR
a   (12)(34)5       0      1      2       4
b   (12)(34)(5)     1      0      6       4
c   (12)345         0      3      0       3
d   1(23)(45)       0      1      4       2
e   (12)3(45)       0      1      3       3
```

நட்சத்திரங்களுக்குப் பதில் எண்களை எழுதியிருக்கிறேன். ஆறு நட்சத்திரத்தைக் கண்ணால் எண்ணும்போது தவறு நேரும், எண்ணில் நேராது. கட்டுரை எழுதும்போது நட்சத்திரமாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் அட்டவணைக்கு வரிசை இல்லை. மேலே நான் எழுதிய இடவலம் தற்செயலானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## 5. ஒவ்வொரு தோல்வியையும் வெற்றியோடு தனித்தனியே ஒப்பிடுங்கள்

இனி எண்களை விட்டுவிடலாம். ஒரு கட்டுப்பாட்டில் வென்ற வடிவத்துக்கு மீறல் குறைவு என்றால் அந்தக் கட்டத்தில் `W`, தோற்ற வடிவத்துக்குக் குறைவு என்றால் `L`, இரண்டும் சமம் என்றால் `-`. எத்தனை வித்தியாசம் என்பது தேவையில்லை, யாருக்குக் குறைவு என்பது மட்டும் போதும்.

```
        FtBin  Parse  AllFtL  AllFtR
a ~ b     W      L      W       -
a ~ c     -      W      L       L
a ~ d     -      -      W       L
a ~ e     -      -      W       L
```

படிக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு வரியில் உள்ள ஒவ்வொரு `L`-க்கும் மேலே அதே வரியின் ஏதாவது ஒரு `W` இருக்க வேண்டும்.

முதல் வரியைப் பாருங்கள். பல குறிப்புகள் இந்த இணையை மட்டும் காட்டி, "ஈரசை சேர்ப்புக்கு மேல்" என்று உடனே முடிவு கட்டிவிடும். அந்த முடிவு சரிதான், ஆனால் இந்த வரி மட்டும் அதைத் தருவதில்லை. வரியில் இரண்டு `W` இருக்கின்றன. ஓரசைச் சீர் சேர்ந்தால் சீர் எண்ணிக்கை கூடுகிறது, ஆகவே இடவோரமும் அந்த வடிவத்தை எதிர்க்கிறது. சேர்ப்புக்கு மேலே இருப்பது ஈரசையா, இடவோரமா என்று இந்த வரிக்குத் தெரியாது. இரண்டில் ஒன்று மேலே இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது.

இரண்டாம் வரி அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. அதில் ஒரே ஒரு `W`, அது சேர்ப்பில் இருக்கிறது. ஆகவே சேர்ப்பு இடவோரத்துக்கு மேல் என்பது உறுதி. இடவோரம் சேர்ப்புக்குக் கீழே போய்விட்டதால், முதல் வரியில் மிஞ்சும் ஒரே `W` ஈரசைதான். ஈரசை சேர்ப்புக்கு மேல் என்று இப்போதுதான் எழுதலாம். இரண்டு வரிகளும் சேர்ந்தே வாதம் ஆகின்றன. தேர்விலோ கட்டுரையிலோ முதல் வரியை மட்டும் எழுதி நிறுத்தினால், கவனமாகத் திருத்துபவர் அதை ஏற்கமாட்டார்.

மூன்றாம், நான்காம் வரிகள் இடவோரம் வலவோரத்துக்கு மேல் என்று சொல்கின்றன.

வரிகள் பெருகினால் இந்த வாதத்தை மனத்தில் வைத்துக்கொள்வது கடினம். அதற்கு டெசார், ஸ்மோலென்ஸ்கி இருவரும் வகுத்த இறக்கும் முறை இருக்கிறது. `L` ஒன்றுகூட இல்லாத நெடுவரிசையைத் தேடுங்கள். இங்கே ஈரசை மட்டுமே அப்படி. அதை உச்சியில் வையுங்கள். அது `W` தரும் வரிகளை அடித்துவிடுங்கள், முதல் வரி போகிறது. மிஞ்சிய மூன்று வரிகளில் மறுபடி தேடுங்கள். இப்போது சேர்ப்பில் `L` இல்லை, அடுத்த இடம் அதற்கு, இரண்டாம் வரி போகிறது. பிறகு இடவோரம், கடைசி இரண்டு வரிகளும் போகின்றன. வலவோரம் அடியில் நிற்கிறது.

```
FtBin >> Parse >> AllFtL >> AllFtR
```

ஒரே சுற்றில் இரண்டு நெடுவரிசைகள் `L` இல்லாமல் கிடைத்தால் இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள், அட்டவணையில் அவற்றுக்கு நடுவே புள்ளிக்கோடு இடுங்கள். தரவு தராத வரிசையை முழுக்கோடு போட்டுக் காட்டக்கூடாது.

## 6. வரிசையை மற்ற நீளங்களில் ஓட்டிப் பாருங்கள்

ஐந்தசைச் சொல்லில் கிடைத்ததை ஏழசைச் சொல்லில் சோதியுங்கள். ஈரசை உச்சியில் இருப்பதால் ஓரசைச் சீர் வராது. சேர்ப்பு அடுத்தது என்பதால் ஓர் அசைதான் மிஞ்சலாம். எங்கே மிஞ்சுவது என்பதை இடவோரம் தீர்மானிக்கிறது: `(12)(34)(56)7` என்றால் 0+2+4, அதாவது 6. `(12)(34)5(67)` என்றால் 0+2+5, அதாவது 7. முதலாவது வெல்கிறது, அழுத்தம் 1, 3, 5. பட்டியலில் உள்ள ஏழசைச் சொல்லும் அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். அட்டவணையைப் படிக்கும்போது நட்சத்திரங்களின் மொத்தத்தைக் கூட்டாதீர்கள். ஆறசைச் சொல்லில் வெல்லும் `(12)(34)(56)` இடவோரத்தை ஆறு முறையும் வலவோரத்தை ஆறு முறையும் மீறுகிறது, `(12)3456` சேர்ப்பை நான்கு முறையும் வலவோரத்தை நான்கு முறையும் மீறுகிறது. மொத்தம் குறைவு என்பதால் இரண்டாவது வெல்வதில்லை. மேலிருக்கும் கட்டுப்பாட்டில் வேறுபாடு வந்தவுடன் போட்டி முடிந்துவிட்டது, கீழே எத்தனை இருந்தாலும் கணக்கில் இல்லை.

## 7. வரிசையை மாற்றி, எந்த மொழி வருகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டுப்பாடுகள் எல்லா மொழிக்கும் பொது, வரிசை மட்டுமே மாறும் என்பது கோட்பாட்டின் கூற்று. ஆகவே உங்கள் நான்கு கட்டுப்பாடுகளையும் இடம் மாற்றினால் வருவதெல்லாம் மனித மொழிக்கு ஏற்றதுதானா என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மரனுங்கு மொழியிலும் அழுத்தம் ஒற்றைப்படை அசைகளில்தான், ஆனால் கடைசி அசையும் தப்புவதில்லை. தாடி என்று பொருள்படும் ˈமெ.ரெ.ˌபெட் என்ற மூன்றசைச் சொல்லில் ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தம். மிஞ்சும் அசைக்கும் சீர் கிடைக்கிறது என்பதால், சேர்ப்பை ஈரசைக்கு மேலே ஏற்றினால் போதும் என்று தோன்றும். ஏற்றிப் பார்ப்போம்.

```
    /123/      Parse  FtBin  AllFtL  AllFtR
a   (12)(3)      0      1      2       1
b   (1)(23)      0      1      1       2
c   (12)3        1      0      0       1
```

சேர்ப்பு `c`-யை வெளியேற்றுகிறது. `a`, `b` இரண்டும் ஈரசையை ஒருமுறை மீறுகின்றன, சமம். இடவோரத்தில் `b`-க்கு 1, `a`-க்கு 2. வெல்வது `b`. அதாவது முதல் அசையிலும் இரண்டாம் அசையிலும் அடுத்தடுத்து அழுத்தம் விழுகிறது. மரனுங்கு அப்படி இல்லை.

மரனுங்குக்கு வேண்டிய `a` வெல்ல வேண்டுமானால் வலவோரம் இடவோரத்துக்கு மேலே போக வேண்டும். ஓரசைச் சீர் இந்தச் சொல்லின் முடிவில் நின்றால், அதற்கு முன்னால் உள்ள சீர் வலது ஓரத்திலிருந்து ஓர் அசைதான் விலகுகிறது. அதுவே முன்னால் நின்றால் இரண்டு அசை விலகுகிறது. இடமிருந்து வலமாகச் சீர் பிரிப்பதுபோல் காதுக்குக் கேட்கும் மொழிக்கு வலப்பக்க ஈர்ப்பு தேவைப்படுகிறது. படி ஒன்றிலிருந்து இடவோரம் என்றே பழகியவர்களுக்கு இது எளிதில் தோன்றாது.

இந்த முடிவு முழுவதும் `(1)(23)` என்ற ஒரு வரியில் தொங்குகிறது. அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால், பிண்டுபியின் மேல் இரண்டை மாற்றினாலே மரனுங்கு வருகிறது என்று எழுதியிருப்போம். நட்சத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் முடிவு தவறாக இருந்திருக்கும்.

## 8. வரிசை கிடைக்காதபோது எங்கே தேடுவது

ஒரு வரியில் `L` மட்டும் இருந்து `W` எதுவும் இல்லை என்றால், கட்டுப்பாடுகளை எப்படி அடுக்கினாலும் நீங்கள் விரும்பும் வடிவம் வெல்லாது. மணிக்கணக்கில் இடம் மாற்றிப் பார்ப்பது வீண். மேலே உள்ள ஒப்பீட்டு அட்டவணையில் இடவோர நெடுவரிசையை ஒரு தாளால் மூடிப் பாருங்கள். `a ~ d` வரியில் வலவோரத்தின் `L` மட்டும் நிற்கும். கட்டுப்பாடு ஒன்று குறைகிறது என்பதன் அடையாளம் அது. அந்த இணையில் வென்ற வடிவத்திடம் இருந்து தோற்றதிடம் இல்லாத பண்பு எது என்று கேட்டால், எந்தக் கட்டுப்பாடு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வரியிலும் `W` இருந்தும், இறக்கும் முறையில் ஒரு சுற்றில் `L` இல்லாத நெடுவரிசையே கிடைக்கவில்லை என்றால், வரிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள், குறிப்பாக ஓரக் கட்டுப்பாடுகளின் கூட்டலை. அது சரி என்றால், வென்ற வடிவத்துக்கு நீங்கள் இட்ட அடைப்புக்குறியைச் சந்தேகியுங்கள். அதே அழுத்தத்துக்கு வேறு சீர்ப் பிரிப்பு இருக்கிறதா என்று இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள். அதுவும் சரி என்றால்தான் புதிய கட்டுப்பாட்டைத் தேட வேண்டும்.

கையால் ஒருமுறை செய்து முடித்தபின் மென்பொருளுக்குப் போகலாம். `OTSoft`, `Praat` இரண்டும் இலவசம். `OTSoft`-க்குத் தரும் கோப்பில் முதல் மூன்று நெடுவரிசைகள் உள்ளீடு, போட்டி வடிவம், எத்தனை முறை வருகிறது என்ற எண், நான்காவதிலிருந்து கட்டுப்பாடுகள். மேல் இரண்டு வரிகளில் கட்டுப்பாடுகளின் முழுப்பெயரும் சுருக்கப்பெயரும். வென்ற வடிவத்துக்கு மூன்றாம் நெடுவரிசையில் 1 என்று இடவேண்டும். தரவரிசையைக் கணித்துத் தருவதோடு, ஏழாம் படியில் கையால் செய்த இடமாற்றத்தை எல்லா வரிசைகளுக்கும் அது ஓட்டிக் காட்டும். ஆனால் நீங்கள் எழுதாத போட்டி வடிவத்தை அது எழுதித் தராது. மரனுங்கு அட்டவணையில் `b` வரி இல்லாமல் கோப்பைக் கொடுத்தால், அது எந்த எச்சரிக்கையும் தராது, வலவோரம் இடவோரத்துக்கு மேலே இருந்தாக வேண்டும் என்பதற்கான ஆதாரமும் அந்தக் கோப்பில் இருக்காது.